பத்தாயிரம் பீஸ், 42,300 டாலர்: ஒரு மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி

இன்னிக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு மெயிலைப் பத்தித்தான். மொத்தம் அஞ்சே வரி. அதுல அஞ்சு எண்கள். அந்த அஞ்சுல நாலு தப்பு. எண்ணுக்குப் பக்கத்துல போட்டிருந்த கரன்சியும் தப்பு. ஆனா படிச்சுப் பார்த்தா ஒண்ணுமே உறுத்தாது. அதுதான் இதுல விசேஷம்.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில டாக்குமென்டேஷன் பார்க்கிறவன். பின்னலாடை தயாரிச்சு வெளிநாட்டு பையருக்கு அனுப்புற கம்பெனி. சரக்கு லாரியில ஏறி தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும்போது பையருக்கு ஒரு மெயில் போகணும். எத்தனை பீஸ், எத்தனை பாக்ஸ், எவ்வளவு எடை, இன்வாய்ஸ் எவ்வளவு, நீங்க இன்னும் தரவேண்டிய பாக்கி எவ்வளவு. இதை எழுதினது என் பக்கத்து சீட் தம்பி, சேர்ந்து நாலு மாசம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுதுற மெயிலை இன்னொருத்தர் பார்த்துட்டுத்தான் அனுப்பணும். அன்னிக்கு என் முறை. பையர் பேரையும் சரியான விலையையும் சொல்ல முடியாது, அதனால எண்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். கணக்கோட வடிவம் அப்படியேதான் இருக்கு.

மெயில்ல இருந்தது இதுதான். ஆர்டர் 10,000 பீஸ் முழுவதும் கிளம்புகிறது. மொத்தம் 249 பாக்ஸ். கிராஸ் வெயிட் 2,342.4 கிலோ. இன்வாய்ஸ் மதிப்பு 42,300 டாலர். அட்வான்ஸ் 30 சதவீதம் போக, பாக்கி 29,610 டாலர்.

"டோட்டல் எல்லாம் டேலி ஆகுதுங்ணா"னு தம்பி சொன்னான். ஆகத்தான் செஞ்சுது. 42,300-ல 70 சதவீதம் போட்டுப் பாருங்க, சரியா 29,610 வரும். ஒரு மெயிலுக்குள்ளேயே ஒரு எண்ணும் இன்னொரு எண்ணும் ஒத்துப்போறது எதையும் நிரூபிக்காது. முதல் எண் தப்பா இருந்தா, அதுல இருந்து பிறந்த ரெண்டாவது எண்ணும் அதே தப்போட அழகா ஒத்துப்போகும். அதனால மெயிலை மெயிலோட ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு எண்ணும் எந்தக் காகிதத்துல இருந்து வந்ததோ அந்தக் காகிதத்துக்குத் திரும்பிப் போகணும்.

எந்தக் காகிதம்னு கேட்பீங்க. என் மேஜையில நாலு இருந்துச்சு. பையர் அனுப்பின பர்ச்சேஸ் ஆர்டர், நாங்க பிஓனு சொல்றது. பேக்கிங் செக்ஷன் கொடுத்த பேக்கிங் லிஸ்ட். நாங்க போட்ட இன்வாய்ஸ். அட்வான்ஸ் வந்தப்போ பேங்க் அனுப்பின சீட்டு. இந்த நாலுக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு. ஒரு பீஸ் என்ன விலை, எந்தக் கரன்சி என்பதைச் சொல்ற உரிமை பிஓவுக்கு மட்டும்தான். உண்மையில பாக்ஸுக்குள்ள என்ன போச்சு என்பதைச் சொல்ல வேண்டியது பேக்கிங் லிஸ்ட். அட்வான்ஸா கையில எவ்வளவு வந்துச்சுன்னு சொல்ல வேண்டியது பேங்க் சீட்டு. தம்பி பண்ணது என்னன்னா, எல்லாத்தையும் பிஓவுல இருந்தே எடுத்துட்டான். பாக்ஸும் எடையும் மட்டும்தான் பேக்கிங் லிஸ்ட்ல இருந்து.

இப்போ முதல் எண்ணுக்கு வருவோம். 10,000 பீஸ்.

பிஓவுல மூணு வரி. ஆண்கள் ரவுண்ட் நெக் டீ ஷர்ட் 6,000, விலை 2.85. போலோ டீ ஷர்ட் 3,600, விலை 4.20. குழந்தைங்க டீ ஷர்ட் 400, விலை 25.20. தம்பி இந்த மூணு அளவையும் எக்செல்ல போட்டு கீழே கூட்டல் ஃபார்முலா போட்டிருக்கான்.

```
=SUM(D2:D4)
```

6,000, 3,600, 400. விடை 10,000. எக்செல் தப்பே பண்ணல. ஆனா பிஓவுல அளவுக்குப் பக்கத்துல ஒரு குட்டி காலம் இருக்கு. அதுல முதல் ரெண்டு வரிக்கு பீஸ்னும் மூணாவது வரிக்கு டஜன்னும் போட்டிருக்கு. குழந்தைங்க டீ ஷர்ட் 400 பீஸ் இல்ல, 400 டஜன். அதாவது 4,800 பீஸ். அப்போ ஆர்டர் 14,400 பீஸ். எக்செல்லுக்கு அலகு தெரியாது. 400-க்குப் பக்கத்து கட்டத்துல என்ன எழுதியிருந்தாலும் அது 400-ஐத்தான் கூட்டும்.

பணக்கணக்கு மட்டும் ஏன் தப்பல? 400-ஐ ஒரு டஜன் விலையான 25.20-ஆல பெருக்கினா 10,080. 4,800-ஐ ஒரு பீஸ் விலையான 2.10-ஆல பெருக்கினாலும் அதே 10,080. மூணு வரிக்கும் மதிப்பு போட்டா 17,100, 15,120, 10,080. கூட்டினா 42,300. பணம் சரியா வந்ததால அளவும் சரியா இருக்கும்னு தம்பி நம்பிட்டான். போதாததுக்கு 10,000னு ஒரு முழு எண் வேற. முழு எண்ணைப் பார்த்தா நம்ம மனசு தானாவே தலையாட்டிடும். எனக்கு என்னமோ முழு எண்ணைப் பார்த்தாத்தான் சந்தேகம் வரும்.

நான் இதைப் பிடிச்சது பிஓவைத் திறக்குறதுக்கு முன்னாடியே. எப்படின்னு சொல்றேன், நீங்க எந்த வேலையில இருந்தாலும் இது உதவும். மொத்தப் பணத்தை மொத்த அளவால வகுத்துப் பாருங்க. 42,300-ஐ 10,000-ஆல வகுத்தா ஒரு பீஸுக்கு சராசரி 4.23. இந்த ஆர்டர்லயே விலை கூடின ஐட்டம் போலோ, அதுவே 4.20 தான். சராசரி எப்படி எல்லாத்தையும் விட உயரமான விலையையே தாண்டும்? தாண்டவே முடியாது. ஒரு வகுப்புல எல்லாரும் 90-க்குக் கீழ மார்க் எடுத்துட்டு வகுப்பு சராசரி மட்டும் 92னு வர்ற மாதிரி. எங்கயோ அலகு கலந்திருக்குன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. 14,400-ஆல வகுத்துப் பார்த்தா சராசரி ஏறக்குறைய 2.94. குறைஞ்ச விலை 2.10, கூடின விலை 4.20, நடுவுல உட்காருது.

இதே வகுத்தலை எடைக்கும் போட்டேன். 2,342.4 கிலோவை 249 பாக்ஸால வகுத்தா ஒரு பாக்ஸ் சுமார் 9.4 கிலோ. பேக்கிங் லிஸ்ட்ல கிராஸ் வெயிட் குறைஞ்ச பாக்ஸ் குழந்தைங்க டீ ஷர்ட் பாக்ஸ், அதுவே 10.1 கிலோ. மத்த ரெண்டும் 10.9. இந்தத் தடவை சராசரி குறைஞ்ச அளவுக்கும் கீழ போயிடுச்சு. பேக்கிங் லிஸ்ட்டைப் பார்த்தா விஷயம் சாதாரணம். நெட் வெயிட், கிராஸ் வெயிட்னு ரெண்டு காலம் அடுத்தடுத்து இருக்கு. நெட் என்பது உள்ளே இருக்கிற துணியோட எடை. கிராஸ் என்பது அட்டைப்பெட்டி, பாலிபேக் எல்லாம் சேர்த்து. தம்பி நெட் காலத்துல இருந்து எடுத்துட்டு கிராஸ்னு எழுதிட்டான். சரியான கிராஸ் 2,666.1 கிலோ. கிட்டத்தட்ட 324 கிலோ வித்தியாசம். பார்வர்டர் இந்த எண்ணை வெச்சுத்தான் புக் பண்ணுவார், கஸ்டம்ஸ் பேப்பர்லயும் இதுதான் போகும். அப்புறம் துறைமுகத்துல எடை போடும்போது ஒத்துவரலைன்னா சரக்கு நிக்கும், நாம போன்ல நிப்போம்.

இந்த வகுத்தல் வித்தைக்கு ஒரு எல்லை இருக்கு. அலகு மாறினா, காலம் மாறினா, பூஜ்யம் கூடினா பிடிச்சிடும். 2024 பிப்ரவரியில லிஃப்ட் என்கிற அமெரிக்க டாக்ஸி ஆப் கம்பெனி தன்னோட நிதிநிலை அறிக்கையில, லாப விகிதம் 500 பேசிஸ் பாயிண்ட் கூடும்னு வெளியிட்டுடுச்சு. சரியான எண் 50. நூறு பேசிஸ் பாயிண்ட் ஒரு சதவீதம், அப்போ அரை சதவீதம்னு சொல்ல வேண்டிய இடத்துல அஞ்சு சதவீதம்னு போயிடுச்சு. மார்க்கெட் முடிஞ்சதுக்கு அப்புறம் நடக்கிற வர்த்தகத்துல ஷேர் விலை 60 சதவீதத்துக்கு மேல எகிறி, அவங்க திருத்தம் சொன்னதும் இறங்குச்சு. பத்து மடங்கு தப்பு என்பதால அந்தத் தொழில் தெரிஞ்சவங்க நின்னு யோசிச்சா இது ரொம்ப அதிகமாச்சேன்னு தோணும். ஆனா அதே இடத்துல 50-க்குப் பதிலா 55னு போட்டிருந்தா எந்த வகுத்தலும் காட்டிக்கொடுக்காது. அதுக்கு மூலக் காகிதம் மட்டும்தான் வழி. எங்க மெயில்லயும் நாலாவது வரி அந்த ரகம்.

42,300 என்பது ஆர்டரோட மதிப்பு. போற சரக்கோட மதிப்பு இல்ல. பேக்கிங் லிஸ்ட்ல ரவுண்ட் நெக் 6,000-க்குப் பதிலா 5,940 தான் இருக்கு. கடைசி செக்கிங்ல 60 பீஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு. அந்த பிஓவுல 3 சதவீதம் வரைக்கும் கூடக்குறைய அனுப்பலாம்னு எழுதியிருந்ததால அதுல பிரச்சினை இல்ல, இது ஒரு சதவீதம்தான். ஆனா 60 பீஸுக்கு 2.85 வீதம் 171 குறையணும். இன்வாய்ஸ் மதிப்பு 42,129. எங்க அக்கவுண்ட்ஸ்ல போட்ட இன்வாய்ஸ்லயும் அதேதான் இருந்துச்சு. தம்பி இன்வாய்ஸைத் திறக்காம பிஓவை வெச்சே எழுதினதால வந்த வினை. "முழுவதும் கிளம்புகிறது" என்கிற வார்த்தையும் அதோட சேர்ந்து தப்பாகிடுச்சு பாருங்க. எண்ணைத் திருத்தினா அதைச் சுத்தி இருக்கிற வாக்கியத்தையும் ஒரு தடவை படிக்கணும்.

இங்க ஒரு கிளைக்கதை. அக்கவுண்ட்ஸ் ஆளுங்க கிட்ட ஒரு பழைய சூத்திரம் உண்டு. ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 9-ஆல மீதியில்லாம வகுபட்டா, இலக்கம் இடம் மாறி டைப் ஆகியிருக்கலாம். 42,129-ஐ 42,219னு அடிச்சா வித்தியாசம் 90, 9-ஆல வகுபடும். நல்ல சூத்திரம், நானும் பயன்படுத்துறேன். ஆனா நம்ம கேஸ்ல வித்தியாசம் 171. அதுவும் 9-ஆல வகுபடுது, 19 தடவை. சூத்திரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தா எந்த இலக்கம் இடம் மாறிச்சுன்னு ராத்திரி வரைக்கும் தேடியிருப்போம். உண்மையான காரணம் 60 டீ ஷர்ட். அது துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்ல.

அடுத்து டாலர். பையர் ஜெர்மனிக்காரர். பிஓ முழுக்க யூரோ. மெயில்ல டாலர் எப்படி வந்துச்சுன்னா, தம்பி போன வாரம் ஒரு அமெரிக்க பையருக்கு அனுப்பின மெயிலைக் காப்பி எடுத்து எண்களை மட்டும் மாத்தியிருக்கான். நாம எல்லாரும் செய்யறதுதான். பழைய மெயிலைக் காப்பி எடுக்கும்போது எண்களை மாத்தணும்னு ஞாபகம் இருக்கும், ஏன்னா அது கண்ணைக் குத்தும். எண்ணுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற சின்னம் குத்தாது. இதை வகுத்தல்ல கண்டுபிடிக்கவே முடியாது, எல்லா எண்ணும் ஒரே மாதிரி இருக்கும். 1 யூரோ 1.10 டாலர்னு வெச்சுக்கோங்க. 29,439 யூரோ வரவேண்டிய இடத்துல 29,439 டாலர் வந்தா நமக்கு சுமார் 2,676 யூரோ குறையும். பையர் ஏமாத்தணும்னு இல்ல, மெயில்ல சொன்னதைத்தானே கட்டியிருக்கார். அப்புறம் பேங்க்ல வந்த பணத்துக்கும் ஏற்றுமதி பேப்பர்ல இருக்கிற மதிப்புக்கும் பொருந்தாது, அந்த ஃபைல் முடியாம தொங்கும்.

அதனால நான் சின்னம் போடறதில்ல. EUR, USD, INR னு மூணெழுத்து கோடுதான், எண்ணுக்கு முன்னாடி. டாலர் சின்னத்தை சிங்கப்பூர்லயும் ஆஸ்திரேலியாவுலயும் கூடத்தான் போடறாங்க. இன்னொண்ணு, ஜெர்மன்காரங்க புள்ளியையும் கமாவையும் நமக்கு நேர்மாறா போடுவாங்க. அவங்க பிஓவுல 6.000னு இருந்தா அது ஆறாயிரம், 2,85னு இருந்தா அது ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேல. நம்ம எக்செல்ல 6.000னு அடிச்சா அது வெறும் 6 ஆயிடும். நாம லட்சத்துக்குப் போடற கமாவும் அவங்களுக்குப் புரியாது, 1,20,000னு எழுதினா ஏதோ ஒரு இலக்கம் விட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. பணத்தை எழுதும்போது கடைசியில ரெண்டு தசமத்தையும் சேர்த்து 42,129.00னு எழுதிட்டா எந்த நாட்டுக்காரர் படிச்சாலும் குழப்பம் இல்ல.

இப்போ நான் ஏன் 29,439னு சொன்னேன்? கவனிச்சிருப்பீங்க. அஞ்சாவது வரி, பாக்கி. இங்கதான் மூணு விடைக்கு வாய்ப்பு இருக்கு. தம்பி போட்டது 42,300-ல 70 சதவீதம், 29,610. இன்வாய்ஸ் மாறிடுச்சேன்னு 42,129-ல 70 சதவீதம் போட்டா 29,490.30. திருத்தச் சொன்னப்போ தம்பி இதைத்தான் முதல்ல போட்டான். அதுவும் சரியில்ல. அட்வான்ஸ் வந்தது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, அப்போ இருந்தது ஆர்டர் மதிப்பு மட்டும்தான். அதுல 30 சதவீதம், 12,690. பேங்க் சீட்டுலயும் அதுதான் இருக்கு. அந்தப் பணம் இனி மாறாது. அதனால பாக்கி என்பது சதவீதக் கணக்கு இல்ல, கழித்தல் கணக்கு. 42,129-ல 12,690 போனா 29,439. ஏற்கெனவே கைக்கு வந்த பணத்தைச் சதவீதமா எழுதாதீங்க. பேங்க் சீட்டுல என்ன தொகை இருக்கோ அதை எழுதுங்க.

29,610னு அனுப்பியிருந்தா என்ன ஆகும்? பையரோட அக்கவுண்ட்ஸ்ல இன்வாய்ஸையும் மெயிலையும் வெச்சுப் பார்ப்பாங்க, 171 இடிக்கும். விளக்கம் கேட்டு மெயில் வரும், அவங்க பேமெண்ட் லிஸ்ட் அன்னிக்கு மூடிடும். அடுத்த லிஸ்ட் வரைக்கும் 29,000 சொச்சம் யூரோ நிக்கும். இங்க சனிக்கிழமை கூலி நிக்காது.

நான் வேலையைச் செய்யற வரிசையைச் சொல்லிடறேன். மெயில் பெட்டியில பெறுநர் முகவரியை முதல்ல எடுத்துடுவேன், கை தவறி அனுப்பினாலும் போகாது. அப்புறம் மெயிலை பிரிண்ட் எடுத்து, எண் இருக்கிற இடத்தை எல்லாம் வட்டம் போடுவேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் மூலக் காகிதத்துல அந்த எண் இருக்கிற இடத்துல விரலை வெச்சுட்டு, எண்ணையும் அலகையும் சேர்த்து வாய்விட்டுப் படிப்பேன். "ரெண்டாயிரத்து அறுநூத்தி அறுபத்தாறு புள்ளி ஒண்ணு, கிலோ, கிராஸ்." முடிஞ்சா இன்னொருத்தர் படிக்க நான் காகிதத்தைப் பார்ப்பேன். நாம எழுதினதை நாமளே படிச்சா, இருக்கிறதைப் படிக்காம எழுத நினைச்சதைத்தான் படிப்போம். சரியா இருந்தா எண்ணுக்கு ஒரு டிக், அலகுக்கு ஒரு டிக். ஒரே டிக்கா போட்டா அலகு தப்பிச்சிடும், அதனாலதான் ரெண்டு. கூட்டுத்தொகை வர்ற இடத்துல மட்டும் காகிதத்துல இருக்கிற மொத்தத்தோட ஒப்பிட்டு விடமாட்டேன். வரிகளை கால்குலேட்டர்ல நானே கூட்டுவேன். பாக்ஸ் கணக்கும் அப்படித்தான் பார்த்தேன். 5,940 பீஸ், பாக்ஸுக்கு 60, அப்போ 99 பாக்ஸ். போலோ 3,600, பாக்ஸுக்கு 40, அது 90. குழந்தைங்க 4,800, பாக்ஸுக்கு 80, அது 60. மொத்தம் 249. அந்த மெயில்ல சரியா இருந்த ஒரே எண் அதுதான்.

கடைசியா இணைப்பு. மெயில்ல எண்களை எல்லாம் திருத்திட்டு, பழைய இன்வாய்ஸ் பிடிஎஃப்-ஐ இணைச்சா எல்லாம் வீண். கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைலைத் திறந்து பார்க்காதீங்க, மெயில்ல ஏத்தின இணைப்பையே கிளிக் பண்ணித் திறங்க. அன்னிக்கு அதுல இருந்தது ரிஜெக்ஷனுக்கு முன்னாடி போட்ட வரைவு, மதிப்பு 42,300. அதை எடுத்துட்டு கையெழுத்து ஆன இன்வாய்ஸை வெச்சோம்.

இந்தச் சரிபார்ப்பு மொத்தமும் இருபது நிமிஷம் ஆச்சு. மெயில் போகும்போது அதுல இப்படி இருந்துச்சு: ஆர்டர் 14,400 பீஸ், அனுப்புவது 14,340 பீஸ், ரவுண்ட் நெக்கில் 60 பீஸ் குறைவு. 249 பாக்ஸ். நெட் 2,342.4 கிலோ, கிராஸ் 2,666.1 கிலோ. இன்வாய்ஸ் EUR 42,129.00, பெற்ற அட்வான்ஸ் EUR 12,690.00, பாக்கி EUR 29,439.00. தம்பி தானே முகவரியைப் போட்டு அனுப்பினான். லாரி அதுக்குள்ள தாராபுரம் ரோட்டுல ஏறிடுச்சு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வணக்கம்.